ஸ்கூல் பேக் டிஸ்கிரிப்ஷன்: முதல் இரண்டு வரியில் கீவேர்ட் என்ன வேலை செய்கிறது?

ஆன்லைன் சந்தையில் ஸ்கூல் பேக் விற்கத் தொடங்கும் எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடும் அறிவுரை இது: "டிஸ்கிரிப்ஷன்ல முதல் நூறு எழுத்துக்குள்ள எல்லா கீவேர்டையும் போட்ரு, பை தானா மேல வந்துரும்." மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை என்று நம் கடலோர ஊர்களில் வீட்டிலேயே பை தைத்து விற்கிறவர்கள், வெளியே வாங்கி விற்கிறவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். விளைவு, பை என்ன பை என்றே தெரியாதபடி சொற்கள் குவிந்த ஒரு முதல் வரி.

அந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. முதல் வரிகள் முக்கியம்தான், ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. அந்த வித்தியாசம் புரிந்தால் எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதை யாரையும் கேட்காமல் நாமே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். கீவேர்ட் என்பது வாங்க வருகிறவர் தேடல் பெட்டியில் தட்டும் சொல் அல்லது சொற்றொடர். நாம் நம் பைக்கு வைக்க ஆசைப்படும் பெயர் கீவேர்ட் ஆகாது. "பிரீமியம் எலைட் கலெக்‌ஷன்" என்று நாம் எழுதலாம், அதை யாரும் தேடப்போவதில்லை.

## கடையும் குடோனும்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பெரிய பைக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைகள் எல்லாம் பின்னால் குடோனில் இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு அட்டை கட்டித் தொங்குகிறது. ஒரு அம்மா வந்து "மழைக் கவர் வச்ச ஸ்கூல் பேக் இருக்கா?" என்று கேட்கிறார்.

கடைப் பையன் குடோனுக்குள் போகிறான். அவன் பையைத் திறந்து பார்ப்பதில்லை, அட்டையை மட்டும் படிக்கிறான். ஸ்கூல் பேக், மழைக் கவர் என்ற சொற்கள் அட்டையில் இருக்கும் பைகளை மட்டும் அள்ளிக்கொண்டு வருகிறான். இது முதல் வேலை.

வந்த பைகளில் எதை முன்னால் வைப்பது என்று முதலாளி முடிவு செய்கிறார். எது நன்றாக விற்கிறது, எது திரும்பி வருவதில்லை, எதன் விலை ஒத்துவரும் என்று பார்த்து மேசைமேல் வரிசையாக வைக்கிறார். இது இரண்டாவது வேலை.

அப்புறம் அந்த அம்மா ஒரு பையைக் கையில் எடுக்கிறார், அட்டையைத் திருப்பிப் படிக்கிறார். முதல் இரண்டு வரியில் தனக்கு வேண்டியது தெரியாவிட்டால் அடுத்த பைக்குப் போய்விடுகிறார். இது மூன்றாவது.

ஆன்லைன் சந்தையிலும் இந்த மூன்றும்தான் நடக்கிறது. தேடலுக்குப் பொருந்துவதை அள்ளுவது, அள்ளியதை வரிசைப்படுத்துவது, மனிதர் படித்து முடிவெடுப்பது. டிஸ்கிரிப்ஷனின் முதல் வரிகளுக்கு மூன்றாவது வேலையில்தான் பெரிய பங்கு. முதல் வேலையில் சின்னப் பங்கு. இரண்டாவதில் நேரடிப் பங்கு கிட்டத்தட்ட இல்லை, சுற்றிவளைத்து ஒரு பங்கு உண்டு. இதைத்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

## கம்ப்யூட்டர் உங்கள் வரியை எப்படிப் படிக்கிறது

தேடும் மென்பொருள் ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா லிஸ்டிங்கையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதில்லை. அப்படிச் செய்தால் ஒரு தேடலுக்கே நேரம் போதாது. முன்கூட்டியே ஒரு அட்டவணை தயார் செய்து வைத்திருக்கிறது. இந்த அட்டவணைக்கு இண்டெக்ஸ் என்று பெயர். அதில் சொல் ஒரு பக்கம், அந்தச் சொல் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்ற பட்டியல் மறுபக்கம். "rain" என்ற சொல்லுக்கு எதிரே அந்தச் சொல் வரும் பொருட்களின் எண்கள், "cover" என்ற சொல்லுக்கு எதிரே அதற்கான எண்கள். ஒருவர் இரண்டையும் சேர்த்துத் தேடினால் இரண்டு பட்டியலிலும் இருக்கும் எண்களை எடுத்துத் தருகிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் பட்டியலில் ஏறுவதற்கு ஒரு தடவை வந்தால் போதும். பத்துத் தடவை வந்தாலும் பட்டியலில் உங்கள் பையின் எண் ஒன்றுதான். ஒருமை, பன்மை வித்தியாசத்தையும் பொதுவான எழுத்துப்பிழைகளையும் பெரிய சந்தைகள் தாமே சமாளித்துக்கொள்கின்றன. bag, bags என்று இரண்டையும் எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

"சரி, பத்துத் தடவை எழுதினால் வரிசையிலாவது மேலே வருமா?" என்று கேட்பீர்கள். சொல்லின் எண்ணிக்கையை மதிப்பெண் ஆக்குவதற்குத் தேடல் துறையில் 1990களிலிருந்து புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு, பெயர் BM25. இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டீபன் ராபர்ட்சன், கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஆகியோரின் வேலையிலிருந்து வளர்ந்தது. இன்றைய பல தேடல் மென்பொருட்களுக்கு அதுதான் அடித்தளம். சந்தைகள் அதன்மேல் தங்கள் சொந்தக் கணக்குகளைச் சேர்த்துக்கொள்கின்றன. வழக்கமான அமைப்பில் ஒரு சொல் ஒரு தடவை வந்தால் 1 மதிப்பெண் என்று வைத்தால், இரண்டு தடவைக்குக் கிடைப்பது சுமார் 1.38. பத்துத் தடவைக்கு 1.96. ஆயிரம் தடவை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. போதாததற்கு, வளவளவென்று நீண்ட விவரத்துக்கு அதே சூத்திரம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

இரண்டு தடவைக்குமேல் எழுதுவதில் லாபம் எவ்வளவு சொற்பம் என்று பாருங்கள். சந்தைகளும் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. 2025 ஜனவரியிலிருந்து அமேசான் டைட்டிலில் ஒரே சொல் இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று விதியே போட்டுவிட்டது, பெரும்பாலான பொருட்களுக்கு 200 எழுத்து என்ற வரம்போடு. ஒரே சொல்லைத் திணித்து நிரப்புவதைக் கீவேர்ட் ஸ்டஃபிங் என்பார்கள்.

அந்தச் சூத்திரத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத பாதி. ஒரு சொல் எத்தனை பொருட்களில் வருகிறது என்றும் அது பார்க்கிறது. எல்லோரிடமும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, சிலரிடம் மட்டும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஸ்கூல் பேக் பிரிவில் "bag" என்ற சொல் இல்லாத லிஸ்டிங்கே இருக்காது. அதனால் அந்தச் சொல் உங்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டாது. "rain cover", "class 6", "28 litre" போன்றவை பிரித்துக் காட்டும். பொதுச் சொல்லை ஒரு தடவை எழுதிவிட்டு, மிச்ச இடத்தை உங்கள் பையின் தனித்த சொற்களுக்குக் கொடுப்பது நல்லது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், சொல் ஒரு தடவை இருந்தால் அள்ளப்படும், திரும்பத் திரும்ப எழுதினால் பெரிதாக ஒன்றும் கூடாது, அபூர்வமான சொல்லே அதிகம் உழைக்கும்.

## எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு என்ன மதிப்பு?

லிஸ்டிங் என்பது ஒரே எழுத்துக் குவியல் அல்ல. டைட்டில், புல்லட் பாயிண்ட், டிஸ்கிரிப்ஷன், அளவு நிறம் போன்ற விவரங்களை நிரப்பும் கட்டங்கள் என்று தனித்தனி அறைகள். தேடும் மென்பொருள் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு எடை கொடுக்கலாம். பொதுவாக டைட்டிலுக்கு எடை அதிகம், டிஸ்கிரிப்ஷனுக்குக் குறைவு.

ஆனால் டிஸ்கிரிப்ஷன் என்ற அறைக்குள்ளே முதல் வரிக்கு இவ்வளவு, கடைசி வரிக்கு இவ்வளவு என்று மேலே சொன்ன சூத்திரத்தில் கணக்கே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டிய சொற்கள் சேர்ந்து வந்தால் சில தேடல் மென்பொருட்கள் மதிக்கும். "rain cover" என்பதைப் பிரித்து ஒரு சொல் இங்கே, ஒரு சொல் அங்கே என்று வைக்காமல் சேர்த்து எழுதுவதற்கு இதுவே காரணம். மற்றபடி கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை முதல் நூறு எழுத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை.

அந்த நூறு எழுத்துக் கணக்கு வெப்சைட் உலகத்திலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். 1990களில் வெப் பக்கங்களின் தலைப்பகுதியில் கீவேர்ட் பட்டியல் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது, அன்றைய தேடுபொறிகள் சில அதைப் பார்க்கவும் செய்தன. கூகுள் தன் வெப் தேடல் வரிசைக்கு அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

உங்கள் டிஸ்கிரிப்ஷனில் மட்டும் இருக்கும் ஒரு சொல் இண்டெக்ஸில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். அமேசானில் ஒவ்வொரு பொருளுக்கும் ASIN என்று பத்து எழுத்து, எண் கொண்ட அடையாளம் உண்டு, பொருள் பக்கத்திலேயே இருக்கும். தேடல் பெட்டியில் அதையும் சோதிக்க வேண்டிய சொல்லையும் சேர்த்துத் தட்டுங்கள்:

```
B0XXXXXXXX rain cover
```

உங்கள் பை வந்தால் அந்தச் சொல்லுக்கு நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். வராவிட்டால் அந்தச் சொல்லை டைட்டிலுக்கோ புல்லட் பாயிண்டுக்கோ கொண்டுபோய், ஓரிரு நாள் கழித்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனை பொருத்தத்தை மட்டும்தான் காட்டும். சாதாரணத் தேடலில் எத்தனையாவது இடம் என்று காட்டாது.

கட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாங்குகிறவர்கள் பலர் தேடிவிட்டு, பக்கவாட்டில் கொள்ளளவு, வயது, விலை என்று ஃபில்டர் போடுவார்கள். ஃபில்டர் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். "28 litre" என்று முதல் வரியில் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும், கொள்ளளவுக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபில்டர் போட்டவரின் கண்ணில் உங்கள் பை படாமலே போகலாம்.

## அப்படியானால் முதல் வரி எதற்கு?

மனிதருக்கு. பெரும்பாலானோர் வாங்குவது போனில். போன் திரையில் படம், விலை, ஸ்டார், டெலிவரி தேதி எல்லாம் போக டிஸ்கிரிப்ஷனில் முதல் சில வரிதான் தெரியும். மிச்சத்தைப் பார்க்க விரலால் தட்டித் திறக்க வேண்டும். தேடியது இதுதானா என்று அவர் உறுதி செய்துகொள்வது அந்தச் சில வரிகளில்.

"rain cover" என்று தேடி வந்தவரின் கண் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே வருகிறது. முதல் வரியில் அது இருந்தால் நின்று படிப்பார். இல்லாவிட்டால், உள்ளே பத்தாவது வரியில் இருந்தாலும் இல்லாததற்குச் சமம்தான். இவர் நின்று படித்து வாங்கினால் அதன் பலன் வரிசையிலும் வந்து சேரும். வரிசைப்படுத்தும் மென்பொருள், ஒரு தேடலுக்குப் பிறகு மக்கள் எதைத் திறந்தார்கள், எதை வாங்கினார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறது. முன்னே சுற்றிவளைத்த பங்கு என்று சொன்னது இதைத்தான். கம்ப்யூட்டருக்காகச் சொற்களைத் திணித்தால் படிக்கும் மனிதர் போய்விடுவார், மனிதர் போனால் வரிசையும் இறங்கும்.

எனவே முதல் வரியில் எந்தக் கீவேர்டை வைப்பது என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேட்கலாம்: எதைத் தேடி வந்தவருக்கு என் பை சரியான பதில்? அந்தச் சொல், பக்கத்திலேயே அது உண்மை என்பதற்கான விவரம். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். "lightweight" என்று மட்டும் எழுதினால் எல்லோரும் எழுதுவதுதான். "lightweight, 550 g" என்று எழுதினால் தேடியவருக்குச் சொல்லும் கிடைத்தது, நம்ப ஆதாரமும் கிடைத்தது.

## ஒரு பையை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்

தங்கச்சிமடத்தில் வீட்டோடு தையல் மிஷின் போட்டு ஸ்கூல் பேக் தைக்கும் ஒரு அக்காவின் லிஸ்டிங் என் கைக்கு வந்தது. பை நல்ல பை. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் தோதான அளவு, மூன்று அறை, அடியில் தனிப் பாக்கெட்டில் மடித்து வைத்த மழைக் கவர். டிஸ்கிரிப்ஷன் இப்படித் தொடங்கியது:

```
Welcome to our store! Best quality bag, school bag,
bag for school, kids bag, boys bag, girls bag,
college bag, tuition bag, stylish trending bag
```

படித்துப் பாருங்கள். "bag" ஒன்பது தடவை வருகிறது. மேலே பார்த்த கணக்குப்படி முதல் தடவைக்குப் பிறகு வந்த எட்டும் சேர்ந்து ஒரு மதிப்பெண்கூடக் கூட்டவில்லை. "Welcome to our store" என்பதை யாரும் தேடுவதில்லை. "college bag" பொய், ஏனென்றால் பை அந்த அளவு இல்லை. மழைக் கவர் என்ற சொல் எங்கேயும் இல்லை. "தம்பி, மழைக் கவர் இருக்குன்னு நான் எங்கேயுமே போடலையே" என்று அக்காவே சொன்னார். ஐப்பசி கார்த்திகையில் பாம்பன் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து தைத்தவர் அவர், அதை எழுதத்தான் தோன்றவில்லை.

முதலில் சொற்களைச் சேகரித்தோம். லாக்-இன் செய்யாத பிரவுசரில் தேடல் பெட்டியில் "school bag for" என்று தட்டி நிறுத்தினால் கீழே பரிந்துரைகள் விழும். அவை மக்கள் உண்மையில் தேடுவதிலிருந்து வருபவை. class, girls, boys, rain cover, lightweight என்று வந்தவற்றை எழுதிக்கொண்டோம். வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளையும் பார்த்தோம். "எத்தனையாவது படிக்கிற பிள்ளைக்கு?", "வெறும் பை எவ்வளவு கனம்?" என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வந்திருந்தன.

அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்த்தோம். இது என் பைக்கு உண்மையா? எல்லாப் பைக்கும் பொருந்துகிற சொல்லா, என் பையைப் பிரித்துக் காட்டுகிற சொல்லா? "boys", "girls" இரண்டும் உண்மைதான், ஆனால் கட்டத்தில் நிரப்பினால் போதும், முதல் வரியில் வேண்டாம் என்று விட்டோம். "waterproof" என்ற சொல்லுக்கு அக்கா ரொம்ப ஆசைப்பட்டார். துணியில் பூச்சு இருக்கிறது, உண்மைதான். ஆனால் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். அடைமழையில் நனைந்த நோட்டோடு ஒரு அம்மா பையைத் திருப்பி அனுப்புவார், ஒற்றை ஸ்டாரும் போடுவார். "rain cover" இருக்கிறது, அது உண்மை, அதை எழுதினோம். துணியைப் பற்றிச் சொல்ல "water resistant" உள்ளே ஒரு வரியில் போதும்.

கொள்ளளவை டேப் வைத்து அளந்தோம். உயரம் 44, அகலம் 32, ஆழம் 20 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 28,160, ஆயிரத்தால் வகுத்தால் 28 லிட்டர். மேல்பக்கம் ரொம்பக் குறுகும் பையாக இருந்தால் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் நேர்மை. இது கிட்டத்தட்டப் பெட்டி வடிவம், அதனால் 28 என்றே வைத்தோம். சமையலறைத் தராசில் வைத்தால் வெறும் பை 550 கிராம்.

அந்தக் கிராம் கணக்கு வெறும் அலங்காரம் இல்லை. மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 35 கிலோ பிள்ளைக்கு மொத்தமே மூன்றரைக் கிலோ. அதில் வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் டைட்டில் இப்படி வந்தது:

```
School Bag for Class 6 to 8, 28 L, 3 Compartments,
with Rain Cover, Lightweight 550 g, Navy Blue
```

டிஸ்கிரிப்ஷனின் தொடக்கம்:

```
A 28 litre school bag for classes 6 to 8, with a rain
cover folded into its own pocket at the base.
Lightweight at 550 g empty; three compartments keep
textbooks, notebooks and the lunch box apart.
```

வரிசையைப் பாருங்கள். என்ன பொருள், யாருக்கு, எவ்வளவு பெரியது, மற்றதிலிருந்து எது வித்தியாசம். இது எல்லாம் முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் அடுத்த சந்தேகத்தைத் தீர்க்கிறது. "bag" ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு கீவேர்டும் ஒரு வாக்கியத்துக்குள் தன் வேலையோடு உட்கார்ந்திருக்கிறது.

முதல் வரிக்கு வராமல் விட்ட ஒரு நல்ல விஷயமும் உண்டு. நம் பக்கம் உப்புக் காற்றில் ஜிப் ரன்னர் துருப்பிடித்து இறுகிவிடும், அதனால் அக்கா துருப்பிடிக்காத ரன்னர் வைக்கிறார். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அதைச் சொல்லி யாரும் தேடுவதில்லை. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு உள்ளே படிக்கிறவரை அது முடிவெடுக்க வைக்கும். அதனால் மூன்றாவது வாக்கியத்தில் அதற்கு இடம் கொடுத்தோம். தேடி வர வைக்கும் சொல் முதலில், நம்ப வைக்கும் விவரம் அடுத்து.

பெரிய பிராண்டுகளின் பெயரை "அதுபோல" என்று சேர்ப்பதும், உரிமை வாங்காத கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரைப் போடுவதும் வேண்டவே வேண்டாம். தேடுகிறவர்கள் நிறைய என்பது உண்மை, ஆனால் லிஸ்டிங்கையே எடுத்துவிடுவார்கள்.

## தமிழில் பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது?

ஃப்ளிப்கார்ட் 2020 ஜூனிலும் அமேசான் அதே ஆண்டு செப்டம்பரிலும் தமிழ் முகப்பைக் கொண்டுவந்தன. நாம் ஆங்கிலத்தில் எழுதும் விவரத்தைத் தமிழ் முகப்பில் பார்க்கிறவருக்கு மொழிபெயர்த்துக் காட்டுகிறார்கள், பெரும்பாலும் மென்பொருள் மூலமாக. கமா போட்டு அடுக்கிய சொற்குவியல் அங்கே "பை, பள்ளிப் பை, பள்ளிக்கான பை" என்று பிதற்றலாக வந்து நிற்கும். முழு வாக்கியமாக எழுதியது ஓரளவு ஒழுங்காக வரும். ஆப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றி உங்கள் பையை நீங்களே ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அந்த ஆங்கில வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள்.

தமிழ்ச் சொற்களை எங்கே வைப்பது என்றும் கேட்கிறார்கள். அமேசானில் வாங்குகிறவருக்குத் தெரியாத ஒரு கட்டம் உண்டு, பேக்கெண்ட் சர்ச் டெர்ம்ஸ் என்பார்கள். டைட்டிலில் வராத வேறு பெயர்களை அங்கே போடலாம். இந்தியாவில் அதன் வரம்பு 200 பைட். பைட் என்பது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் அளவு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று, தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. "school bag" பத்து பைட்டில் முடியும், "ஸ்கூல் பேக்" 31 பைட் எடுக்கும். அதனால் அங்கே "புத்தகப்பை" போன்ற ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தெடுத்து வையுங்கள், நிரப்பப் பார்க்காதீர்கள்.

## விற்கவில்லை என்றால் குற்றம் முதல் வரியிலா?

எப்போதும் இல்லை. விற்பனையாளர் பக்கத்தில் கிடைக்கும் எண்களைப் பார்த்தால் எங்கே அடைப்பு என்று தெரியும்.

பை தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கையே மிகக் குறைவு என்றால், அது பொருத்தத்தின் கோளாறு. டைட்டில், பிரிவு, கட்டங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

நிறையக் காட்டப்படுகிறது, ஆனால் யாரும் திறப்பதில்லை என்றால், படம், விலை, டைட்டிலின் முதல் சில சொற்கள் ஆகியவற்றில்தான் விஷயம். திறக்கும் முன் டிஸ்கிரிப்ஷனை யாரும் பார்ப்பதே இல்லை.

திறக்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள் என்றால் அப்போதுதான் முதல் வரிகள் மேல் சந்தேகப்பட வேண்டும். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று விளம்பரம் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் தேடல் அறிக்கையில் இருக்கும். அந்தச் சொல் உங்கள் முதல் இரண்டு வரியில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அங்கேயும் குறை இல்லை என்றால் ரிவ்யூவும் டெலிவரி நாளும் பாருங்கள்.

வாங்குகிறார்கள், ஆனால் "சொன்னபடி இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், முதல் வரியில் உண்மையில்லாத ஒரு சொல் இருக்கிறது. பெரும்பாலும் அது "waterproof" ஆகவோ லிட்டர் எண்ணாகவோ இருக்கும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டைட்டிலையும் விலையையும் முதல் வரியையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் விட்டு, முந்தைய இரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் சமயம் எல்லோருடைய பையும் விற்கும், அப்போது ஏறிய எண்ணிக்கையை உங்கள் முதல் வரியின் கணக்கில் சேர்க்க முடியாது. சோதனைகளை எல்லாம் மார்ச், ஏப்ரலிலேயே முடித்துவிட்டு, சீசனுக்குள் நுழையும்போது வரியைத் தொடாமல் விடுவது வசதி. மழைக் கவர் வேலை செய்கிறதா என்பதற்கு மட்டும் அக்டோபர் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கான தேடல் மழைக்காலத்தோடுதான் கூடும்.